இலைடில் டிரான்ஸ், பாஸ்போனேட்டில் 11% சிஸ்: பாடத்துக்கு நேர்மாறாக வந்தது ஏன்?

சோதனைக்குழாய்
திங்கள், இரவு 9:40

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணியில் இருக்கிறேன். 4-மெத்தாக்சிபென்சால்டிஹைடிலிருந்து எத்தில் 4-மெத்தாக்சிசின்னமேட் தயாரிக்கிறேன். கச்சோலக் கிழங்கின் எண்ணெயில் அதிகமாக இருப்பது இதே சேர்மம்தான். கிழங்கிலிருந்து பிரித்தெடுத்ததையும் ஆய்வகத்தில் தயாரித்ததையும் ஒப்பிட வேண்டும் என்பது திட்டம்.

முதலில் இலைடு வழியில் செய்தேன். 10 மில்லிமோல் ஆல்டிஹைடுடன் Ph3P=CHCO2Et சேர்த்து, டைகுளோரோமீத்தேனில் இரவு முழுக்கக் கலக்கினேன். கச்சா விளைபொருளை அன்றே என்.எம்.ஆரில் பார்த்தபோது 6.31, 7.64 ஆகிய இடங்களில் இரட்டைக் கோடுகள் இருந்தன. இரண்டிலும் பிணைப்பு மாறிலி 16 ஹெர்ட்ஸ், அதாவது டிரான்ஸ். சிக்கல் பிறகுதான் தொடங்கியது. 10 மில்லிமோல் அளவில் எனக்குக் கிடைக்கவேண்டிய பொருள் 2.06 கிராம்; கூடவே பிறக்கும் டிரைபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு 2.78 கிராம். பொருளைவிடக் கழிவு அதிகம். அது சிலிக்கா நிரலில் வால் போல நீண்டுகொண்டே வந்தது. மூன்று முறை நிரல் ஏற்றியும் முழுதாகப் போகவில்லை.

"பாஸ்போனேட்டுக்கு மாறு, துணைப்பொருள் தண்ணீரிலேயே போய்விடும்" என்றார் வழிகாட்டி. அப்படியே செய்தேன். டிரைஎத்தில் பாஸ்போனோஅசிட்டேட் 12 மில்லிமோல் (2.69 கிராம்), 60% NaH 0.44 கிராம், அதாவது 11 மில்லிமோல், ஆல்டிஹைடு 10 மில்லிமோல் (1.36 கிராம்), கரைப்பான் டி.எச்.எஃப். பனிக்கட்டியில் தொடங்கி அறை வெப்பநிலைக்கு வந்து 2 மணி நேரம். கழுவியதும் பாதிச் சுமை குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நிரலில் பிரித்தேன், இன்று அளந்தேன். 5.81-இல் 12.8 ஹெர்ட்ஸ் இரட்டைக் கோடு ஒன்று நிற்கிறது. தொகையீட்டின்படி 11% சிஸ்.

என் வகுப்புக் குறிப்பில் "இலைடு என்றால் சிஸ், பாஸ்போனேட் என்றால் டிரான்ஸ்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு வந்தது தலைகீழாக இருக்கிறது. எங்கே தவறினேன்?

நெட்_பயிற்சி
திங்கள், இரவு 10:15

குறிப்பில் தவறில்லை. விட்டிக் வினை சிஸ் தரும், ஹார்னர்-வாட்ஸ்வொர்த்-எம்மன்ஸ் வினை டிரான்ஸ் தரும். தேர்வில் இப்படித்தான் கேட்பார்கள், இப்படித்தான் விடை. பன்னிரண்டு ஆண்டுகளாக இதைக் கற்பிக்கிறேன். உங்கள் இரண்டு மாதிரிகளும் இடம் மாறியிருக்கலாம். குப்பிகளின் சீட்டைச் சரிபாருங்கள்.

பழைய_ஆய்வகம்
திங்கள், இரவு 11:30

சீட்டு மாறவில்லை என்றே நினைக்கிறேன். தங்கை கொடுத்திருக்கும் இரண்டு முடிவுகளில் முதலாவது முற்றிலும் எதிர்பார்க்கக்கூடியது.

"இலைடு என்றால் சிஸ்" என்பது நிலைப்படுத்தப்படாத இலைடுகளுக்கு, அதுவும் லித்தியம் உப்பு இல்லாத கரைசலில், பொருந்தும் விதி. Ph3P=CHCH3 போன்றவை ஆல்டிஹைடுடன் சிஸ்ஸைத்தான் பெரும்பான்மையாகத் தரும். ஆனால் எதிர்மின்சுமையைக் கார்பனைல் குழு இழுத்துப் பிடித்திருக்கும் Ph3P=CHCO2Et டிரான்ஸ் தரும். ஆகவே எஸ்டர் தாங்கிய இலைடையும் எஸ்டர் தாங்கிய பாஸ்போனேட்டையும் பக்கத்தில் வைத்தால், டிரான்ஸ் எது தரும் என்பது கேள்வியே அல்ல. இரண்டுமே தரும். வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. துணைப்பொருள் ஒன்று. இன்னொன்று வேகம்: பாஸ்போனேட்டிலிருந்து வருவது உண்மையான எதிரயனி, இலைடு மொத்தத்தில் மின்சுமையற்றது. அதனால் நிலைப்படுத்தப்பட்ட இலைடு தொடக்கூடத் தயங்கும் கீட்டோன்களோடும் பாஸ்போனேட் வினைபுரியும். மூன்றாவதுதான் சுவையானது: டிரான்ஸை இரண்டும் வெவ்வேறு காரணத்தால் தருகின்றன. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது உங்கள் 11%. டைஎத்தில் பாஸ்போனேட், சோடியம், அரோமாட்டிக் ஆல்டிஹைடு, அறை வெப்பநிலை. இந்தக் கூட்டணியில் 11% சிஸ் வந்து நான் பார்த்ததில்லை; ஓரிரு விழுக்காடே அதிகம். மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். நிரலுக்கு முன் கச்சாவை அளந்தீர்களா? வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே நிரல் பகுதிகள் எங்கே இருந்தன? எதில் கரைந்த நிலையில் இருந்தன?

வடிகலம்
செவ்வாய், காலை 7:05

இதே வினையில் எனக்கும் ஒரு சிக்கல், இங்கேயே கேட்டுவிடுகிறேன். டைஎத்தில் எத்தில்பாஸ்போனேட் எடுத்து, மைனஸ் 78-இல் பியூட்டைல்லித்தியம் சேர்த்து, பிறகு பென்சால்டிஹைடு விட்டேன். டிரான்ஸ் பீட்டா-மெத்தில்ஸ்டைரீன் வரவேண்டும். மெல்லடுக்குத் தகட்டில் ஆல்டிஹைடு முழுக்கப் போய்விட்டது. ஆல்கீன் துளிகூட இல்லை. அடியில் ஒரு முனைவுள்ள புள்ளி மட்டும். பாஸ்பரஸ் என்.எம்.ஆரில் 30-ஐ ஒட்டி ஒரு சமிக்ஞை. பியூட்டைல்லித்தியம் கெட்டுவிட்டதா?

பழைய_ஆய்வகம்
செவ்வாய், காலை 8:20

@வடிகலம் தம்பி, உங்கள் பியூட்டைல்லித்தியம் நன்றாகவே இருந்திருக்கிறது. ஆல்டிஹைடு தீர்ந்ததே அதற்குச் சான்று. நீங்கள் பிடித்து வைத்திருப்பது பீட்டா-ஹைட்ராக்சிபாஸ்போனேட். கூட்டு வினை நடந்துவிட்டது, நீக்கம் நடக்கவில்லை. ஆல்கீன் ஆகியிருந்தால் பாஸ்பரஸ் டைஎத்தில் பாஸ்பேட்டாகி, பூச்சியத்தை ஒட்டிச் சமிக்ஞை தந்திருக்கும்.

ஆல்காக்சைடு பாஸ்பரசைத் தாக்கி நான்கணு வளையமாகி உடையும்போது, கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பின் எலக்ட்ரான்கள் கார்பன் பக்கம் வந்து சேர வேண்டும். அங்கே எஸ்டரோ சயனோவோ கீட்டோனோ இருந்தால் அவை அதைத் தாங்கிக்கொள்ளும். பீனைல் இருந்தாலும் போதும், பென்சைல்பாஸ்போனேட்டிலிருந்து ஸ்டில்பீன் வருகிறது. உங்களிடம் இருப்பது வெறும் மெத்தில், அதனால் அங்கேயே நின்றுவிட்டது. இலைடுக்கு இந்தத் தடை கிடையாது. பாஸ்பரசின் நேர்மின்சுமையே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு விட்டிக் வினைதான் ஏற்றது. ஆனால் சிஸ் வரும். டிரான்ஸ் வேண்டுமானால் ஷ்லாசர் மாற்றத்தைப் படியுங்கள்.

ஆலை_வேதியியலாளர்
செவ்வாய், மதியம் 1:10

மருந்து மூலப்பொருள் ஆலையில் இருக்கிறேன். தேர்ந்தெடுப்பு பற்றிப் பழைய_ஆய்வகம் சொல்லட்டும். கழுவுவதும் கலக்குவதும் என் பகுதி.

முதலில், சோதனைக்குழாய் எடுத்த அளவுகள் நன்றாக இருக்கின்றன. பாஸ்போனேட் 12, காரம் 11, ஆல்டிஹைடு 10. காரம் பாஸ்போனேட்டைவிடக் குறைவாக இருக்கிற வரை கலத்தில் தனிக் காரம் மிஞ்சாது. பலர் காரத்தை அதிகமாக்கிவிட்டு, ஆல்டிஹைடு பழுத்து நிறம் மாறியதும் வினையைக் குறை சொல்கிறார்கள். 11 மில்லிமோல் NaH அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 270 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் தரும். குமிழி எண்ணும் குழாய் இருந்தால் அது நிற்கும்வரை காத்திருங்கள். நிற்பதற்கு முன் ஆல்டிஹைடை விட்டால் மீதமுள்ள ஹைட்ரைடு அதன் மேல் பாயும்.

அடுத்தது பிசின். வினை முன்னேறும்போது சோடியம் டைஎத்தில் பாஸ்பேட் பசை போலக் கலத்தின் அடியில் படியும். சிறிய காந்தக் கோல் அதில் மாட்டி நின்றுவிடும். கலக்கல் நின்றது தெரியாமல் "வினை பாதியில் நின்றது" என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். 10 மில்லிமோலுக்கு 30 மில்லிலிட்டர் டி.எச்.எஃப்பாவது விடுங்கள், பெரிய கோல் போடுங்கள். தண்ணீர் பட்டதும் அந்தப் பசை முழுதும் கரைந்து போய்விடும். இலைடை விட்டுப் பாஸ்போனேட்டுக்கு மாறியதன் பலனே அந்த ஒரு நிமிடத்தில் தெரியும்.

தண்ணீரில் போகாதது மிஞ்சிய பாஸ்போனோஅசிட்டேட். உங்கள் கணக்கில் 2 மில்லிமோல், அதாவது 0.45 கிராம் வரை எத்தில் அசிட்டேட்டில் தங்கும். புற ஊதா விளக்கில் புள்ளியாகத் தெரியாது, அதனால் தகட்டைப் பார்த்து ஏமாறுவீர்கள். என்.எம்.ஆரில் 2.97-ஐ ஒட்டி, பாஸ்பரசோடு பிணைந்த பெரிய இரட்டைக் கோடு, 21 அல்லது 22 ஹெர்ட்ஸ். அதைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் ஆலையில் இந்த வகை அரோமாட்டிக் ஆல்டிஹைடுக்கு NaH பயன்படுத்துவதில்லை. செறிந்த பொட்டாசியம் கார்பனேட் கரைசலே போதும். காரத்துக்கு அஞ்சும் ஆல்டிஹைடு என்றால் லித்தியம் குளோரைடும் டி.பி.யூவும் அசிட்டோநைட்ரைலில், மசமுனேயும் ரௌஷும் 1984-இல் கொடுத்த வழி. லித்தியம் அயனி எஸ்டரையும் P=O ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் வலுக்குறைந்த காரமே புரோட்டானை எடுத்துவிடுகிறது. NaH-ஐ டைமெத்தில்ஃபார்மமைடில் போடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கலவை சூடேறிக் கைமீறிப் போகக்கூடியது.

இன்னொன்று, என் கண்ணால் கண்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் காரம் மலிவு என்று எத்தில் எஸ்டரோடு சோடியம் மெத்தாக்சைடும் மெத்தனாலும் பயன்படுத்தினார். ஆல்கீன் டிரான்ஸ்தான், ஆனால் பாதி மெத்தில் எஸ்டராகிவிட்டது. 3.8-ஐ ஒட்டி, அதுவரை இல்லாத ஒரு ஒற்றைக் கோடு வந்தபோதுதான் தெரிந்தது. உங்கள் சேர்மத்தில் மெத்தாக்சியும் அதே இடத்தில் இருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தப்பும். எத்தில் எஸ்டருக்கு எத்தாக்சைடும் எத்தனாலும் மட்டுமே.

நெட்_பயிற்சி
செவ்வாய், மாலை 6:30

நிலைப்படுத்தப்பட்ட இலைடு டிரான்ஸ் தரும் என்பதை ஏற்கிறேன். என் குறிப்பில் அந்தப் பிரிவை விட்டிருக்கிறேன், திருத்திக்கொள்கிறேன். ஆனால் காரணம் ஒன்றே அல்லவா? இரண்டிலும் முதல் படி மீளும், டிரான்ஸ் பக்கம் நிலையானது, சமநிலை அங்கே சாய்கிறது. வெவ்வேறு காரணம் என்று ஏன் சொன்னீர்கள்?

சோதனைக்குழாய்
செவ்வாய், இரவு 8:50

அண்ணா, உங்கள் கேள்விகளுக்கு விடை. கச்சாவை அளக்கவில்லை. தகட்டில் ஒரே புள்ளியாகத் தெரிந்ததால் நேரே நிரலில் ஏற்றினேன். பகுதிகள் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் கலவையில், சோதனைக் குழாய்களில், கம்பித் தாங்கியில் இருந்தன. தாங்கி இருந்த இடம் சன்னலோர மேசை. வார இறுதி முழுதும் அங்கேதான். திங்கள் காலை ஆவியாக்கி அளந்தேன். மேற்குப் பார்த்த சன்னல்.

கழுவிய பின் எடுத்த கச்சாவில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஒரு குப்பியில், குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. நாளைக் காலை அதை அளக்க இடம் கேட்டிருக்கிறேன்.

வழிகாட்டி வேறு காரணம் சொல்கிறார். "ஆல்டிஹைடை மிகக் குளிரில் சேர்த்திருப்பாய், அதனால் சிஸ் கூடியிருக்கும்" என்று. பனிக்கட்டிதான் வைத்தேன், அதற்குக் கீழே போகவில்லை.

பழைய_ஆய்வகம்
செவ்வாய், இரவு 11:55

மேற்குச் சன்னல் என்றதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. நாளைய அளவீடு வரட்டும். உங்கள் வழிகாட்டி சொன்னது அடிப்படையற்றதல்ல. குளிர், பொட்டாசியம், பாஸ்பரசின் மேல் சிறிய மெத்தாக்சிக் குழுக்கள் ஆகியவை சிஸ்ஸைக் கூட்டும். லித்தியம், சற்றே கூடிய வெப்பம், ஐசோபுரோப்பாக்சி போன்ற பருத்த குழுக்கள் டிரான்ஸைக் கூட்டும். தாம்சனும் ஹீத்காக்கும் 1990-இல் இதை ஒழுங்காக அளந்து காட்டினார்கள். ஆனால் இவை தெளிவாக வெளிப்படுவது அலிஃபாட்டிக் ஆல்டிஹைடுகளில். அனிசால்டிஹைடில் பனிக்கட்டியின் குளிர் 10% சிஸ்ஸைக் கொண்டுவராது.

@நெட்_பயிற்சி ஐயா கேட்டதற்கு வருகிறேன்.

பாஸ்போனேட்டின் கதை இது. எதிரயனி ஆல்டிஹைடோடு சேரும்போது இரண்டு வகை ஆல்காக்சைடு பிறக்கிறது. ஒன்று வளையமாகி உடைந்தால் டிரான்ஸ், மற்றது சிஸ். பாஸ்பரசின் மேல் இருப்பது இரண்டு எத்தாக்சிகள். அவை பாஸ்பரசுக்கு எலக்ட்ரான் கொடுப்பதால், ஆல்காக்சைடு வந்து மோத அது அவ்வளவு ஏங்குவதில்லை. வளையம் மூட நேரமாகிறது. அந்த நேரத்துக்குள் ஆல்காக்சைடு பிரிந்து, ஆல்டிஹைடும் எதிரயனியுமாக மறுபடி தனித்து நிற்க முடிகிறது. சிஸ் பக்கத்தில் வளையம் மூடும்போது எஸ்டரும் அரைல் குழுவும் ஒரே பக்கத்தில் நெருக்கப்படுகின்றன, அதனால் அது இன்னும் தாமதம். தாமதிப்பது திரும்பிப் போகிறது. திரும்பிப் போனது அடுத்த முறை டிரான்ஸ் பக்கமாக வந்து முடிகிறது.

இதற்கு நல்ல சான்று ஸ்டில்லும் ஜெனாரியும் 1983-இல் செய்த மாற்றம். எத்தாக்சிக்குப் பதில் டிரைஃபுளூரோஎத்தாக்சி வைத்தார்கள். ஃபுளூரின் எலக்ட்ரானை இழுப்பதால் பாஸ்பரஸ் பசியோடு நிற்கிறது. பொட்டாசியத்தைக் கிரீடம் ஈதரால் கட்டிவைத்து, மைனஸ் 78-இல் நடத்தினார்கள். ஆல்காக்சைடு பிறந்த கையோடு வளையம் மூடிவிடுகிறது, திரும்ப நேரமில்லை. முதலில் வேகமாகப் பிறப்பது சிஸ்ஸுக்குப் போகும் ஆல்காக்சைடு. ஆகவே அதே எஸ்டர், அதே ஆல்டிஹைடு, சிஸ் பெரும்பான்மை. பாஸ்பரசின் மேல் உள்ள இரண்டு குழுக்களை மட்டும் மாற்றினால் முடிவு புரண்டுவிடுகிறது என்றால், திரும்பும் நேரம்தான் அங்கே ஆள்கிறது.

இலைடில் அப்படியல்ல. விட்டிக் வினையில் பீட்டைன் என்று நாம் கரும்பலகையில் வரைவதை, உப்பில்லாத கரைசலில் யாரும் பிடித்துக் காட்டவில்லை. குளிரில் பாஸ்பரஸ் என்.எம்.ஆரில் வெடேஜ்சின் குழு கண்டது நான்கணு வளையத்தை, அதாவது ஆக்சாபாஸ்பெட்டேனை. நிலைப்படுத்தப்பட்ட இலைடும் ஆல்டிஹைடும் சேர்ந்து வளையமான பிறகு பெரும்பாலும் திரும்புவதில்லை. வளையம் பிறக்கும் கணத்திலேயே டிரான்ஸ் முடிவாகிவிடுகிறது. ஏன் டிரான்ஸ் என்பதற்கு அகர்வாலும் ஹார்வியும் 2005-ஐ ஒட்டிக் கொடுத்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது: எஸ்டரின் இருமுனையும் ஆல்டிஹைடின் C=O இருமுனையும் எதிரெதிராகத் திரும்பி நிற்க விரும்புகின்றன. அந்த நிலையிலிருந்து வளையம் மூடினால் டிரான்ஸ் வருகிறது.

ஒன்றில் தவறானது திரும்பிப் போய்ச் சரியாகிறது. மற்றதில் தொடக்கத்திலேயே சரியாக விழுகிறது. இது வெறும் விளக்க வேறுபாடு அல்ல, கைவேலையிலும் தெரியும். இலைடு வினையை மெத்தனாலில் நடத்தினால், அதுவும் ஆல்ஃபா இடத்தில் ஆக்சிஜன் உள்ள சர்க்கரை ஆல்டிஹைடுகளோடு, சிஸ் கணிசமாக ஏறிவிடும். பாஸ்போனேட்டில் கவனிக்க வேண்டியவை உலோக அயனியும் வெப்பநிலையும் பாஸ்பரசின் மேலுள்ள குழுக்களும்.

கணக்கீடு_மட்டும்
புதன், காலை 6:45

நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன் அல்ல. வினைப்பாதைகளைக் கணினியில் கணக்கிடுகிறேன். பழைய_ஆய்வகம் சொன்ன பாஸ்போனேட் பகுதியில் ஒரு கருத்து வேறுபாடு.

வளையம் மூடும் படியே மெதுவானது என்பது கணக்கீடுகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் "சிஸ் பக்கத்து ஆல்காக்சைடு முழுதாகத் திரும்பி டிரான்ஸாக வருகிறது" என்பது எல்லா ஆல்டிஹைடுக்கும் காட்டப்பட்டதா? முதல் கூட்டுவினையே டிரான்ஸ் பக்கம் ஓரளவு சாய்ந்திருந்தாலும் இதே விகிதம் கிடைக்கும். இறுதி விகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஸ்டில்-ஜெனாரி சான்றையும் நான் அவ்வளவு நேராக எடுத்துக்கொள்ள மாட்டேன். அங்கே குழு, உலோக அயனி, வெப்பநிலை மூன்றும் ஒருசேர மாறுகின்றன. கரைப்பானையும் சோடியம் அயனியின் பிடியையும் சரியாகச் சேர்க்காவிட்டால் என் துறையின் எண்களும் ஆட்டம் காணும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_ஆய்வகம்
புதன், காலை 8:10

நியாயமான கேள்வி. நேர்ச் சான்று என்றால் குறுக்குச் சோதனைதான். பீட்டா-ஹைட்ராக்சிபாஸ்போனேட்டைத் தனியே தயாரித்து, வேறொரு சுறுசுறுப்பான ஆல்டிஹைடு, எடுத்துக்காட்டாக 4-குளோரோபென்சால்டிஹைடு, கூட இருக்கும்போது காரம் சேர்க்க வேண்டும். 4-குளோரோசின்னமேட் தோன்றினால் ஆல்காக்சைடு பிரிந்து போனது உறுதி. பாஸ்போனேட்டுகளில் இப்படிக் குறுக்கு விளைபொருள் கண்டிருக்கிறார்கள். அதனால் திரும்புதல் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு திரும்புகிறது, அனிசால்டிஹைடில் அதன் பங்கு என்ன என்று கேட்டால், நீங்கள் சொல்வதுபோல் விகிதத்தை வைத்து மட்டும் நான் வாதாட முடியாது. ஸ்டில்-ஜெனாரி பற்றி: ஆண்டோவின் டைஅரைல் பாஸ்போனேட்டுகள் கிரீடம் ஈதர் இல்லாமலே, சோடியத்தோடும் சிஸ் தருகின்றன. ஆகவே பாஸ்பரசின் மேல் உள்ள குழுதான் முதன்மை என்ற என் கருத்து மாறவில்லை.

கச்சோலம்_வியாபாரி
புதன், காலை 11:20

கிழங்கு வாங்கி விற்பவன் நான். தேடியபோது இந்த இழை கிடைத்தது. கச்சோல எண்ணெயைக் குளிரில் வைத்தால் வெள்ளைப் படிகம் விழுகிறது. வாங்குபவர் ஒருவர் அதைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் பேசும் பொருள் அதுதானா? டிரான்ஸ் என்றால் வனஸ்பதியில் சொல்லும் கெட்ட டிரான்ஸ் கொழுப்பா?

சோதனைக்குழாய்
புதன், மதியம் 12:05

ஐயா, படிகம் பெரும்பாலும் அதே எத்தில் 4-மெத்தாக்சிசின்னமேட்டாகத்தான் இருக்கும். தூய்மையானது 48 டிகிரி சுற்றி உருகும், எனவே குளிரில் படிவது இயல்பு. நான் கிழங்கைத் தூளாக்கி ஹெக்சேனில் ஊறவைத்து, வடித்துக் குளிரவைத்தபோது ஊசி ஊசியாக விழுந்தது. ஆனாலும் ஓர் ஆய்வகத்தில் உருகுநிலையாவது பார்த்துவிட்டு வாங்குபவரிடம் பேசுங்கள். டிரான்ஸ் என்பது இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் குழுக்கள் எதிரெதிராக நிற்பதைக் குறிக்கும் சொல் மட்டுமே. கொழுப்புக்கும் இதற்கும் வேறு தொடர்பில்லை.

சோதனைக்குழாய்
புதன், மாலை 5:30

கச்சாவின் அளவீடு வந்துவிட்டது. 5.81-இல் அடிக்கோட்டின் இரைச்சலைத் தாண்டிச் சற்றே எழும் ஒரு மேடு மட்டும் இருக்கிறது. தொகையிட்டால் 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஆலை_வேதியியலாளர் சொன்ன 2.97 இரட்டைக் கோடும் அங்கே இருந்தது, 21.6 ஹெர்ட்ஸ். ஆக, வினை டிரான்ஸைத்தான் கொடுத்திருக்கிறது. சிஸ் அதற்குப் பிறகு வந்திருக்கிறது.

சிலிக்காவா, வெளிச்சமா என்று தெரிந்துகொள்ள இன்று மூன்று குழாய்கள் வைத்திருக்கிறேன். கிழங்கிலிருந்து எடுத்த, சிஸ்ஸே தெரியாத படிகத்தை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் கலவையில் நீர்த்த கரைசலாக்கி, ஒன்றை அப்படியே சன்னலில் வைத்தேன். இரண்டாவது அதே இடத்தில், அலுமினியத் தாள் சுற்றி. மூன்றாவதில் சிலிக்காத்தூள் போட்டு, தாள் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளி மாலை மூன்றையும் ஆவியாக்கி அளப்பேன்.

ஆலை_வேதியியலாளர்
புதன், இரவு 7:45

நல்ல ஏற்பாடு. ஒரு செய்தி: வெயிற்காப்புப் பசைகளில் இருக்கும் ஆக்டைல் மெத்தாக்சிசின்னமேட் உங்கள் சேர்மத்தின் நேர் உறவு. அது புற ஊதாவை விழுங்குவதும், விழுங்கியபின் டிரான்ஸிலிருந்து சிஸ்ஸுக்குப் புரள்வதும் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. பழுப்புக் குப்பி கேட்பது அதற்காகத்தான். நீர்த்த கரைசல் என்றால் ஒளி எல்லா மூலக்கூறையும் எட்டும். திண்மப் படிகமாக இருந்தால் அவ்வளவு எளிதில் மாறாது.

விட்டிக் வினையைப் பற்றியும் ஒரு வார்த்தை, அது தோற்றுப்போனதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் வைட்டமின் ஏ-யை விட்டிக் வினையால்தான் தயாரிக்கிறது. 15 கார்பன் பாஸ்போனியம் உப்பும் 5 கார்பன் ஆல்டிஹைடும். டிரைபீனைல்பாஸ்பீன் ஆக்சைடை அவர்கள் வீசுவதில்லை, பாஸ்ஜீனோடு வினைப்படுத்தி அலுமினியத்தால் ஒடுக்கி மறுபடி டிரைபீனைல்பாஸ்பீனாக்க வழி கண்டார்கள். அந்த அளவில் உற்பத்தி இருந்தால் அது கட்டுப்படியாகும். 10 மில்லிமோல் செய்பவர்களுக்கும் 50 கிலோ செய்யும் எங்களுக்கும் தண்ணீரில் கரையும் துணைப்பொருளே வசதி.

வடிகலம்
வியாழன், காலை 9:15

பழைய_ஆய்வகம் அண்ணாவுக்கு நன்றி. என் அடிப்புள்ளியைப் பிரித்தெடுத்துப் பார்த்தேன். ஹைட்ராக்சிபாஸ்போனேட்தான், இரண்டு மாற்றியங்கள் கலந்து. குறுக்குச் சோதனைக்கு இதைக் கொடுக்கலாமா?

பழைய_ஆய்வகம்
வியாழன், காலை 10:00

உங்களுடையதில் எஸ்டர் இல்லை. காரம் சேர்த்தால் பிரிந்து போகலாம், ஆனால் ஆல்கீனாக முடியாது. போட்டியில் ஒரு பக்கம் அடைபட்டிருக்கும்போது கணக்கீடு_மட்டும் கேட்ட கேள்விக்கு அது விடை தராது. எஸ்டர் உள்ளதைத் தனியே பிடித்து வைப்பதுதான் கடினம். அதுவும் முடியும், வினையைக் குளிரிலேயே அமிலத்தால் நிறுத்தினால் கொஞ்சம் கிடைக்கக்கூடும்.

சோதனைக்குழாய்
வெள்ளி, இரவு 8:20

மூன்று குழாய்களின் முடிவு. தாள் சுற்றியதில் சிஸ் இல்லை. சிலிக்கா போட்டுத் தாள் சுற்றியதிலும் இல்லை. வெறும் குழாயில் 5.81-இல் 12.8 ஹெர்ட்ஸ் கோடு வந்திருக்கிறது, 14%. 7.69-இல் ஒரு புதிய அரோமாட்டிக் கோடும் சேர்ந்து வந்தது, 6.82-இல் வரவேண்டிய இணைக் கோடு அரோமாட்டிக் சமிக்ஞையின் ஓரத்தில் மறைந்திருக்கிறது. அதனால் 5.81-ஐயும் 6.31-ஐயும் மட்டுமே ஒப்பிட்டேன்.

வழிகாட்டியிடம் மூன்று நிறமாலைகளையும் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, நிரல் அறையின் சன்னலுக்குத் திரை வாங்க எழுதிக் கொடுத்தார். பாஸ்போனேட் வினையை நேற்று மறுபடி செய்தேன். பகுதிகளைத் தாள் சுற்றிய தாங்கியில் எடுத்து அன்றே ஆவியாக்கினேன். 1.81 கிராம், 88%. சிஸ் 2 விழுக்காட்டுக்குக் கீழே.

நெட்_பயிற்சி
வெள்ளி, இரவு 9:05

என் வகுப்புக்கு இந்த நிறமாலைகளைப் பயன்படுத்த அனுமதி தருவீர்களா? ஒரே சேர்மத்துக்கு நான்கு வழிகள்: இலைடு, பாஸ்போனேட், கிழங்கு, வெயில்.

சோதனைக்குழாய்
வெள்ளி, இரவு 9:20

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா.

கணக்கீடு_மட்டும்
சனி, காலை 7:30

@பழைய_ஆய்வகம் குளிரில் நிறுத்திப் பிடிக்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்போது கையில் கிடைப்பது மூடாமல் எஞ்சிய ஆல்காக்சைடு மட்டுமே. டிரான்ஸ் பக்கத்தது முன்பே ஆல்கீனாகி ஓடிவிட்டிருந்தால், எஞ்சியதின் விகிதம் தொடக்க விகிதம் ஆகாது. நேரத்தை மாற்றி மாற்றி, 1 நிமிடம், 5 நிமிடம், 20 நிமிடம் என்று நிறுத்தி, ஆல்கீனையும் எஞ்சியதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பழைய_ஆய்வகம்
சனி, காலை 9:40

ஒப்புக்கொள்கிறேன். மைனஸ் 78-இல் லித்தியம் எதிரயனியோடு தொடங்கினால் மூடுதல் இன்னும் மெதுவாகும், பிடிப்பதும் எளிது. ஆனால் அப்போது சோடியத்தின் கேள்விக்கு லித்தியத்தின் விடையைக் கொடுத்தவனாவேன். அடுத்த வாரம் என்னிடம் ஒரு மாணவரும் குளிர்க்கலமும் ஓய்வாக இருக்கின்றன. இரண்டு அயனிகளோடும் 5 நிமிட நிறுத்தத்தை மட்டும் முதலில் செய்து பார்க்கிறோம். அசிட்டிக் அமிலத்தால் நிறுத்தி, பாஸ்பரஸ் என்.எம்.ஆரை நேரே எடுத்து இங்கே இடுகிறேன்.